இரண்டாவது ஆர்டர் வரும்வரை லாபமில்லை

தியாகராய நகரில் கடை வைத்திருப்பவர்களிடம் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு சின்னத் தொகையைச் சொல்வார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்டால் முகம் மாறும். உண்மையில் இரண்டும் ஒரே வேலைக்காகச் செலவாகும் பணம்தான். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குகிற கூட்டம் ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் சாலைக்குப் போகிறது. அந்தக் கூட்டத்தின் வழியில் நிற்பதற்குக் கொடுக்கும் விலையே அங்கே வாடகை. கோடம்பாக்கத்தில் அதே அளவு இடம் அதைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் கூட்டம் கிடைக்காது. 1928 முதல் பட்டுச் சேலை விற்கும் நல்லி பனகல் பார்க் அருகே நிற்பதும், அடையாறு காந்தி நகரில் கிராண்ட் ஸ்வீட்ஸ் தன் வாசலுக்கு வந்தவர்களுக்குத் தொன்னையில் பிரசாதம்போலக் கொடுத்து வந்ததும் வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவின் வெவ்வேறு வடிவங்கள்தான். கடைக்காரர்கள் அதை அந்தப் பெயரில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

இணையத்தில் விற்பவருக்கு வாடகை குறைவு. மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டே போதும். ஆனால் அவர் வாசல் வழியாக யாரும் நடந்து போவதில்லை. ஆட்களை வரவழைக்க இன்ஸ்டாகிராமுக்கும் கூகுளுக்கும் பணம் கட்டுகிறார். கடைத்தெருவில் வாடகையாகப் போன பணம் இங்கே விளம்பரமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இரண்டு செலவுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பல இணையத் தொழில்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

வாடகை மாதத்துக்கு ஒரே தொகை. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் அது மாறாது. ஆகவே கூட்டம் கூடக் கூட ஒரு வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு குறைகிறது. விளம்பரம் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு புதிய ஆளுக்கும் தனித்தனியாக விலை கொடுக்க வேண்டும். வேகமாக வளர நினைத்தால் அந்த விலை ஏறும். கடைத்தெருவில் வளர்ந்த வியாபார அறிவு, விற்பனை பெருகினால் செலவு சுருங்கும் என்று சொல்கிறது. இணைய விளம்பரத்தில் அந்த அறிவை அப்படியே நம்பினால் விற்பனை ஏற ஏற நஷ்டமும் ஏறும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் முழுதாகப் பார்க்கலாம்.

ஓர் ஆர்டரில் மிஞ்சுவது

மயிலாப்பூரில் வீட்டிலிருந்து பொடி விற்கும் ஒரு தொழிலைக் கற்பனை செய்துகொள்வோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புப் பொடி ஆகியவைதான் சரக்கு. சொந்த இணையதளம் உண்டு. ஆர்டர்கள் வாட்ஸ்அப் வழியாகவும் வருகின்றன. கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. தன் தொழிலின் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சராசரி ஆர்டர் 5% ஜிஎஸ்டி சேர்த்து ₹630. வரி அரசாங்கத்துடையது; கடைக்கு வருவது ₹600. பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், வறுத்து அரைக்கும் கூலி எல்லாம் சேர்ந்து ₹210. பை, லேபிள், அட்டைப்பெட்டி, டேப் ₹40. கூரியர் சராசரியாக ₹85. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2% எடுத்தால் ₹13. இவற்றோடு திரும்பி வரும் பார்சல்களின் பங்காக ₹22 சேர்க்க வேண்டும். மொத்தம் ₹370. ஆர்டருக்கு மிஞ்சுவது ₹230.

இந்தப் பட்டியலில் இரண்டு வரிகளை நெருங்கிப் பார்ப்பது நல்லது. முதலாவது கூரியர். கூரியர் நிறுவனங்கள் பார்சலின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. அப்படி வரும் எண்ணும் உண்மையான எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 25×20×10 அளவுள்ள பெட்டி 1 கிலோவாகக் கணக்காகும். கையில் இருந்ததை எடுத்துப் போட்டோம் என்று 30×25×20 பெட்டியில் அதே பொடியை அனுப்பினால் 3 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். வடாம், அப்பளம் விற்பவர்களை இந்த விதி இன்னும் கடுமையாகப் பாதிக்கும். அவர்களுடைய சரக்கில் எடை குறைவு, இடம் அதிகம்.

இரண்டாவது, திரும்பி வரும் பார்சல். பத்து ஆர்டரில் ஐந்து கேஷ் ஆன் டெலிவரி என்றும், அந்த ஐந்தில் ஒன்றை வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். போகும் கூரியர், வரும் கூரியர், நசுங்கிய பெட்டி எல்லாம் சேர்ந்து அந்த ஒரு பார்சலில் ஏறக்குறைய ₹200 போகும். அதை ஒழுங்காகச் சேர்ந்த மற்ற ஒன்பது ஆர்டர்கள் சுமக்க வேண்டும். ஆர்டருக்கு ₹22 என்பது அப்படி வந்தது. விளம்பரத் திரையில் ஆர்டர் போட்ட நொடியிலேயே அது விற்பனையாகப் பதிவாகிவிடுகிறது. பார்சல் திரும்பி வந்தது அந்தத் திரைக்குத் தெரியாது. ஆகவே வாடிக்கையாளர் எண்ணிக்கையை எடுக்கும்போது பொருள் கையில் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ண வேண்டும்.

திரை சொல்லும் 200, கணக்கு சொல்லும் 370

இந்தக் கடைக்கு ஒரு மாதத்தில் கையில் சேர்ந்த ஆர்டர்கள் 400. அவற்றில் 240 பேர் முதல்முறையாக வாங்குகிறார்கள். மீதி 160 ஏற்கெனவே வாங்கியவர்களின் ஆர்டர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு ₹50,000 செலவு. மெட்டாவின் விளம்பரத் திரை 250 விற்பனை நடந்ததாகவும் ஒரு விற்பனைக்கு ₹200 ஆனதாகவும் காட்டுகிறது. விளம்பரத்தில் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ₹3.15 விற்பனை. பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆர்டருக்கு மிச்சம் ₹230, பிடிக்க ஆன செலவு ₹200, எனவே ₹30 லாபம் என்று தோன்றும்.

இதில் மூன்று கோளாறுகள் உண்டு. முதலாவது, அந்த 250-க்குள் பழைய வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தட்டிய ஏழு நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளோ ஒருவர் வாங்கினால் அது விளம்பரத்தால் நடந்த விற்பனையாகச் சேரும். பொடி தீர்ந்துபோய், தானாகவே மீண்டும் வாங்க வந்த ஒருவர், முந்தின நாள் திரையைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த விளம்பரம் கண்ணில் பட்டிருந்தால் போதும். இரண்டாவது, புதியவர்கள் 240 பேரில் எல்லோரும் விளம்பரத்தால் வந்தவர்கள் இல்லை. உறவினர் சொல்லி, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்து வந்தவர்கள் 40 பேர் என்று வைப்போம். மூன்றாவது, செலவு முழுதாகச் சேரவில்லை. ரீல்ஸ் எடுக்கவும் புகைப்படத்துக்கும் மாதம் ₹12,000 போகிறது. முதல் ஆர்டருக்கு 10% தள்ளுபடி, அதாவது ஆளுக்கு ₹60. அந்தத் தள்ளுபடி புதிய ஆளைப் பிடிக்கத்தான் கொடுக்கப்படுகிறது, எனவே அதுவும் பிடிக்கும் செலவுதான்.

சரியான கணக்கு இப்படி வரும். விளம்பரம் ₹50,000, படப்பிடிப்பு ₹12,000, விளம்பரத்தால் வந்த 200 பேருக்குத் தள்ளுபடி ₹12,000. மொத்தம் ₹74,000. ஓர் ஆளைப் பிடிக்க ₹370. முதல் ஆர்டரில் மிஞ்சுவது ₹230 மட்டுமே என்பதால் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரிடமும் கடை ₹140 இழந்த நிலையில் தொடங்குகிறது.

இதில் வரியின் பங்கும் உண்டு. விளம்பரக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி. பதிவு பெற்ற கடை அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத கடைக்கு அந்த ₹9,000-ம் செலவுதான். அப்போது பிடிக்கும் செலவு ₹415 ஆகிவிடும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு கடை ஒன்று விற்றுமுதல் வரம்பைத் தாண்டும்வரை பதிவில்லாமல் இருக்கலாம். ஆனால் பொடியைப் பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கினால் விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களோ வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது.

மாதக் கணக்கை இப்போது முடிக்கலாம். 400 ஆர்டரின் மிச்சம் ₹92,000. புதியவர்கள் எல்லோருக்கும் கொடுத்த தள்ளுபடி ₹14,400. விளம்பரமும் படப்பிடிப்பும் ₹62,000. கையில் நிற்பது ₹15,600. பேக்கிங் செய்யும் பெண்ணின் சம்பளம், மின்கட்டணம், இணையதளச் சந்தா, உழைத்தவரின் சொந்தக் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு விற்ற மாதம் இது.

திரும்பி வந்தவர்களை எண்ணுவது

முதல் ஆர்டரில் ₹140 இழப்பது தவறில்லை. பொடி தீர்ந்துபோகிற பொருள். பிடித்திருந்தால் ஆறேழு வாரத்தில் மறுபடி வேண்டியிருக்கும். அப்போது விளம்பரம் வேண்டாம், தள்ளுபடி வேண்டாம், ₹230 முழுதாகக் கிடைக்கும். ₹370-ஐ ₹230-ஆல் வகுத்தால் 1.61 வருகிறது. ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 1.61 ஆர்டர் போட்டால் அவரைப் பிடிக்க ஆன செலவு மீளும். அவர் போடுகிறாரா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை மாத விற்பனை எண்ணில் கிடைக்காது. ஒரே மாதத்தில் முதல்முறை வாங்கியவர்களை ஒரு கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டம் பின்னால் என்ன செய்தது என்று பின்தொடர வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட்டில் A நெடுவரிசையில் தொலைபேசி எண், B-யில் ஆர்டர் தேதி இருந்தால் போதும். ஒரே ஆள் வேறு வேறு மின்னஞ்சலில் வாங்கக்கூடும், ஆனால் பார்சல் வருவதற்காகச் சரியான தொலைபேசி எண்ணைத்தான் கொடுப்பார். C-யில் அவருடைய முதல் ஆர்டர் தேதியும் D-யில் அதிலிருந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதும் வரும்படி செய்யலாம்:

```
C2:  =MINIFS(B:B, A:A, A2)
D2:  =DATEDIF(C2, B2, "M")
```

பிறகு முதல் மாதத்தை இடப்பக்கமும் கடந்த மாதங்களை மேல்வரிசையிலும் வைத்து ஒரு பிவட் டேபிள் போட்டால் எந்த மாதத்துக் கூட்டம் திரும்பி வருகிறது, எது வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

நம் மாதிரிக் கடையில் 100 புதியவர்களில் 34 பேர் இரண்டாவது முறையும், 22 பேர் மூன்றாவது முறையும் ஆறு மாதத்துக்குள் வாங்குகிறார்கள். அடுத்த ஆறு மாதத்தில் நான்காவது முறை 16 பேர், ஐந்தாவது 12, ஆறாவது 8. ஆக, ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதத்தில் 1.56 ஆர்டரும் ஓர் ஆண்டில் 1.92 ஆர்டரும் போடுகிறார். ரூபாயில் சொன்னால் ஆறு மாதத்தில் ₹359, ஆண்டில் ₹442. பிடிக்க ஆன ₹370 ஆறு மாதத்திலும் முழுதாகத் திரும்பவில்லை. ஆண்டு முடிவில் ஆளுக்கு ₹72 மிஞ்சுகிறது.

ஆகவே இந்தக் கடை பிழைக்கும், ஆனால் பணம் முடங்கும். மாதம் 200 பேரிடம் தலைக்கு ₹140 வீதம் ₹28,000 உள்ளே போகிறது. அது வெளியே வர அரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆண்டு லாபம் சரியாக இருந்தும் மூன்றாவது மாதத்தில் பருப்புக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் போவது இப்படித்தான். வாடிக்கையாளரின் ஆயுள் மதிப்பு பிடிக்கும் செலவைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். அது மாதச் சந்தாவில் மென்பொருள் விற்பவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குச் சரக்குச் செலவு மிகக் குறைவு, முதலீட்டாளர் பணமும் பின்னால் நிற்கும். பொடிக்கடையில் பார்க்க வேண்டியது போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்பது.

கூடுதல் முப்பதாயிரம்

தீபாவளி நெருங்குகிறது. விளம்பரத்தை ₹50,000-லிருந்து ₹80,000 ஆக்கலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார். ஆக்கிய மாதத்தில் விளம்பரத்தால் வந்தவர்கள் 200-லிருந்து 260 ஆகிறார்கள். விளம்பரம், படப்பிடிப்பு, தள்ளுபடி சேர்த்து மொத்தச் செலவு ₹1,07,600. தலைக்கு ₹414. முன்பிருந்த ₹370-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் ஆண்டில் கிடைக்கும் ₹442-க்குக் கீழேதான். செய்தது சரி என்றே தோன்றும்.

ஆனால் கூடுதலாகச் செலவழித்த பணத்தைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். ₹30,000 விளம்பரமும் ₹3,600 தள்ளுபடியும் சேர்ந்து கொண்டுவந்தது 60 பேரை. அந்த 60 பேரில் ஒவ்வொருவருக்கும் ஆனது ₹560. ஓர் ஆண்டு முழுவதும் அவர்களிடமிருந்து கிடைப்பது ₹442. தலைக்கு ₹118 நஷ்டம், மொத்தம் ஏறக்குறைய ₹7,000. அதுவும் ஓராண்டு காத்திருந்த பிறகு. அந்த மாதத்தில் மட்டும் பார்த்தால் கையில் நின்ற ₹15,600 போய் ₹4,200 பற்றாக்குறை வந்துவிடும். சராசரி ₹414 என்ற எண் இந்த 60 பேரின் விலையை முந்தைய 200 பேரின் மலிவான விலையோடு கலந்து மறைத்துவிட்டது.

விலை ஏன் ஏறுகிறது? விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. யார் வாங்கக்கூடும் என்று கணித்து, அதிக வாய்ப்புள்ளவர்களிடமே அமைப்பு முதலில் விளம்பரத்தைக் காட்டுகிறது. பணத்தைக் கூட்டினால் வாய்ப்பு குறைந்தவர்களிடமும் போக வேண்டும், அல்லது ஏற்கெனவே பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். திரையில் ஃப்ரீக்வென்ஸி என்ற எண், அதாவது ஓர் ஆள் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பது, ஏறிக்கொண்டே போவது இதன் அடையாளம். பண்டிகைக் காலத்தில் எல்லாக் கடைகளும் அதே ஏலத்தில் நிற்பதால் அடிப்படை விலையே உயரும். ஏலத்தில் எதிரே நிற்பவர் முதலீட்டுப் பணம் உள்ளவராகவும் இருக்கலாம். 2015-இல் சென்னையில் தொடங்கிய ஸ்வீட் காரம் காபி போன்ற நிறுவனங்களில் 2023-இல் முதலீட்டு நிதி வந்து சேர்ந்தது. ஓராண்டு காத்திருந்து பணத்தை மீட்க அப்படிப்பட்ட நிறுவனத்தால் முடியும். வீட்டுச் சேமிப்பில் நடக்கும் தொழிலால் முடியாது.

சராசரி எண்ணை நம்புவதன் விலையை அமெரிக்காவின் புளூ ஏப்ரன் காட்டியது. சமைக்கத் தேவையான பொருள்களை அளந்து வீட்டுக்கு அனுப்பும் அந்த நிறுவனம் 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 94 டாலர் ஆவதாகத் தன் ஆவணத்தில் சொன்னது. அது பல ஆண்டுகளின் சராசரி. அந்த ஆவணத்தில் இருந்த எண்களை வைத்தே எமரி பல்கலைக்கழகத்தின் டேனியல் மெக்கார்த்தி கணக்கிட்டு, அண்மையில் வந்த வாடிக்கையாளர்களின் விலை அந்தச் சராசரியைவிட மிகவும் மேலே போய்விட்டது என்றும், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் விலகுகிறார்கள் என்றும் காட்டினார். ஏறக்குறைய 190 கோடி டாலர் மதிப்பில் சந்தைக்கு வந்த நிறுவனம் 2023-இல் சுமார் 10 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. மயிலாப்பூர் பொடிக்கடைக்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம், கணக்கு ஒன்றே.

நிறுத்திப் பார்ப்பது

200 பேர் விளம்பரத்தால் வந்தார்கள் என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன். நடைமுறையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று ஆர்டர் படிவத்தில் கேட்கலாம், பாதிப் பேர் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்கள். நம்பகமான வழி, விளம்பரத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பது.

ஈபே நிறுவனத்தில் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் செய்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிகா இதழில் வெளியானது. ஈபே என்ற பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தை அவர்கள் நிறுத்தினார்கள். விளம்பரத்தைத் தட்டி வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கீழே இருந்த சாதாரணத் தேடல் முடிவைத் தட்டி வந்து சேர்ந்தார்கள். எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களுக்காக நிறுவனம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. தன் கடைப் பெயரையே கூகுள் விளம்பரச் சொல்லாக வாங்கி, அதில்தான் விற்பனை மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்பவர்கள் இந்த முடிவை மனதில் வைக்க வேண்டும்.

சிறு கடைக்கும் இதைச் செய்ய முடியும். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆர்டர் வருகிறது என்றால், நான்கு வாரம் ஹைதராபாத்தில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தலாம். அங்கே புதிய வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதுதான் விளம்பரத்தின் உண்மையான வேலை. ஆர்டர்கள் சிலவாக இருந்தால் தற்செயல் ஏற்ற இறக்கமே முடிவைக் கலைத்துவிடும். ஒரு நகரத்தில் நாலு வாரத்தில் பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால் அது எட்டானதும் பன்னிரண்டானதும் எதையும் நிரூபிக்காது. நவராத்திரி, பொங்கல் போன்ற வாரங்களைத் தவிர்ப்பதும் அவசியம்.

இன்னொரு வழி, மொத்தத் தொகையை ஒரு படி இறக்குவது. ₹50,000-ஐ ₹40,000 ஆக்கியதும் 40 பேர் குறைந்தால், அந்தக் கடைசிப் பத்தாயிரம் தள்ளுபடியோடு சேர்த்துத் தலைக்கு ₹310-க்கு ஆள் கொண்டுவந்தது என்று பொருள், திரும்ப ஏற்றிவிடலாம். 15 பேர்தான் குறைந்தார்கள் என்றால் தலைக்கு ₹727. அந்தப் பணத்தை மறுபடி போடக் கூடாது.

பொருளுக்குப் பொருள் காலம் வேறு

பொடிக்குச் சொன்னது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நெடுகக் கொலு பொம்மைகள் வரிசை கட்டும். அவற்றை இணையத்தில் விற்பவருக்கும் பழைய வாடிக்கையாளர் உண்டு. ஆண்டுதோறும் ஒரு புது செட் சேர்ப்பது பல வீடுகளின் வழக்கம். ஆனால் அவர் திரும்பி வர பன்னிரண்டு மாதம் ஆகும். போக்குவரத்தில் உடையும் பொம்மையின் செலவும் மேலே உண்டு. அவர் பிடிக்கும் செலவை முதல் ஆர்டரிலேயே மீட்டாக வேண்டும். முடியாவிட்டால் அந்த விலைக்கு விளம்பரம் வாங்கக் கூடாது. பொடிக்கடையும் தீபாவளிக் கூட்டத்தைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். பரிசாக அனுப்ப வாங்கியவர்கள் தங்கள் சமையலறைக்காக வாங்கியவர்களைப்போலத் திரும்பி வர மாட்டார்கள்.

வைர நகை இன்னும் அரிதாக வாங்கப்படுவது. 2008-இல் மிதுன் சச்சேதி சென்னையில் தொடங்கிய கேரட்லேன், நகையை இணையத்தில் விற்கத் தொடங்கிய நிறுவனம். 2016-இல் டைட்டன் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2023-இல் மேலும் 27.18% பங்கை வாங்க ₹4,621 கோடி கொடுக்க ஒப்புக்கொண்டபோது அந்த இணைய நிறுவனத்துக்கு 200-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. அரிதாக வாங்கும், தொட்டுப் பார்த்து நம்பிக்கை பெற வேண்டிய பொருளுக்கு, ஆளுக்கு ஆள் விலை ஏறும் விளம்பரத்தைவிட, கூட்டம் கூடினால் செலவு குறையும் வாடகை பல இடங்களில் மலிவாக இருக்கும். இணையத்தில் பிறந்த கடை தெருவுக்கு வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

முன்னால் நீளும் ஆண்டுகளை நம்பிப் போடும் கணக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்னையின் பலகாரக் கடைகளுக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் நல்ல வாடிக்கையாளர்கள். ஆர்டர் பெரியது, திரும்பியும் வருவார்கள். 2025 ஆகஸ்டில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா நீக்கியது. இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான அஞ்சல்களைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அதற்கு முன்னால் மூன்றாண்டு ஆயுள் மதிப்பை நம்பி விளம்பரத்துக்குப் பணம் போட்டிருந்தவரின் கணக்கு ஒரே மாதத்தில் கலைந்திருக்கும். ஆறு மாதத்தில் திரும்பும் பணத்தை மட்டும் நம்பியவருக்கு அடி சிறியது.

பட்ஜெட்டில் எழுத வேண்டியது

பெரும்பாலான சிறு தொழில்களின் பட்ஜெட்டில் விளம்பரம் என்பது விற்பனையில் இத்தனை சதவீதம் என்றோ, போன மாதத்தைவிட இவ்வளவு கூடுதல் என்றோ எழுதப்படுகிறது. இரண்டுமே விற்பனை எண்ணிலிருந்து பிறப்பவை. விற்பனை எண்ணில் திரும்பி வராதவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். மாறாக, ஆறு மாதத்துக்கு முன்னால் முதல்முறை வாங்கிய கூட்டம் இதுவரை தலைக்கு எவ்வளவு மிச்சம் கொடுத்தது என்பதை எடுத்து, அதை உச்சவரம்பாக எழுத வேண்டும். நம் கடையில் அது ₹359. சராசரி அல்ல, கடைசியாகக் கூட்டிய பணத்தில் வந்த ஆளின் விலை அதற்குள் இருக்கும்வரை விளம்பரத்தைக் கூட்டலாம், தாண்டியதும் நிறுத்த வேண்டும். நம் கடையில் ₹50,000-லேயே சராசரி விலையான ₹370-கூட இந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது.

அப்படியானால் வளர்வது எப்படி? ஆர்டரின் மிச்சத்தைக் கூட்டுவதிலிருந்து தொடங்கலாம். பெட்டியை 1 கிலோ கணக்குக்குள் அடக்குவது, முன்கூட்டிப் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு பொடிப் பொட்டலம் வைத்து கேஷ் ஆன் டெலிவரியைக் குறைப்பது, அடையாறு, மந்தைவெளி, மேற்கு மாம்பலம் போன்ற பக்கத்து ஊர்ப்பகுதி ஆர்டர்களை வாரத்தில் இரண்டு நாள் சேர்த்து உள்ளூர் ஆள் மூலம் அனுப்பிக் கூரியர் சராசரியை இறக்குவது என்று வேலைகள் பல உண்டு. இவற்றால் ஆர்டருக்கு ₹30 மிஞ்சினால் 400 ஆர்டரில் மாதம் ₹12,000. கையில் நிற்பது ₹15,600-லிருந்து ₹27,600 ஆகும். ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதத்தில் தரும் மிச்சமும் ₹359-லிருந்து ₹406 ஆகிறது. அதாவது இப்போதைய ₹370 விலைக்கு ஆள் பிடிப்பதே கட்டுப்படியாகிவிடும். விளம்பரத்தில் கூடுதலாகப் போட்ட ₹30,000 அதே கடையை மாதம் ₹4,200 பற்றாக்குறைக்கு இறக்கியது. விற்பனை வரிசையில் அந்த மாதம் 60 ஆர்டர் அதிகம் தெரியும், அதைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். பெட்டியின் அளவைச் சரிசெய்த மாதத்தில் விற்பனை எண் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் பருப்புக்காரருக்குத் தவணை சொல்லாமல் பணம் கொடுக்க முடிவது அந்த மாதத்தில்தான்.